கடிகாரத்திலிருந்து முகத்துக்கு: ஒரே ஷாட்டில் ஃபோகஸ் மாறுவதை எழுதும் முறை

கேள்வி: முன்னால் ஒரு பொருள் தெளிவாக இருக்கிறது, பிறகு அதே ஷாட்டிலேயே ஃபோகஸ் பின்னால் இருக்கும் முகத்துக்குப் போகிறது. இதைத் திரைக்கதையில் எப்படி எழுதுவது? ‘ரேக் ஃபோகஸ்’ என்று போட்டால் போதுமா, இல்லை கேமரா வார்த்தையே வரக்கூடாதா? நான் எழுதியதைப் படித்த நண்பர் இது இரண்டு ஷாட் மாதிரி இருக்கிறது என்கிறார்.

பதில்:

‘ரேக் ஃபோகஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது தவறன்று. ஆனால் அந்தச் சொல் மட்டுமே இரண்டு பிம்பங்களை ஒரே ஷாட்டுக்குள் பிடித்து வைத்துவிடாது. பின்னால் இருக்கும் முகம், ஃபோகஸ் மாறுவதற்கு முன்பே, அடையாளம் தெரியாத மங்கலான உருவமாகத் தாளில் இடம்பெற்றிருக்க வேண்டும். உங்கள் நண்பருக்கு அது இரண்டு ஷாட்டாகத் தெரிந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்: முதல் பத்தியில் பொருள் மட்டும் இருந்திருக்கும், அடுத்த பத்தியில் முகம் புதிதாக வந்திருக்கும். இதுவரை இல்லாத ஒன்று திடீரென்று தாளில் தோன்றினால், படிப்பவரின் மனம் அதைப் புதிய ஷாட்டாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் எந்தத் தொழில்நுட்பச் சொல்லை வைத்தாலும் அது மாறாது.

இது வெறும் எழுத்து முறை பற்றிய விஷயமன்று. பொருளைக் காட்டிவிட்டு, கட் செய்து முகத்தைக் காட்டினால், பார்வையாளருக்குக் கிடைப்பது ‘இவள் அதைப் பார்த்துவிட்டாள்’ என்ற செய்தி. அவள் எப்போது வந்தாள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்பவை அந்தச் செய்தியில் இல்லை. ஒரே ஷாட்டில் ஃபோகஸ் மாறும்போது கிடைப்பது வேறு: ‘நாம் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இவள் அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறாள், நம் கண்ணெதிரே இருந்தும் நாம்தான் கவனிக்கவில்லை.’ இந்த இரண்டாவது அர்த்தம் உங்கள் காட்சிக்குத் தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேவையில்லையென்றால் ஃபோகஸ் மாற்றம் அழகுக்காக மட்டும் நிற்கும், படிப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

நான் இரண்டு சோதனைகள் செய்து பார்ப்பதுண்டு. பொருளும் முகமும் தொடக்கம் முதலே இரண்டுமாகத் தெளிவாகத் தெரிந்தால் காட்சி எதையாவது இழக்கிறதா என்பது ஒன்று. கட் செய்து காட்டினால் எதையாவது இழக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் மட்டுமே ஃபோகஸ் மாற்றத்தை எழுதுவேன்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் செய்து பார்ப்போம். இளங்கோ அண்ணன், யாழினி தங்கை. அப்பாவின் கைக்கடிகாரம் மருத்துவமனையில் தொலைந்துவிட்டது என்று முந்தைய காட்சி ஒன்றில் இளங்கோ அவளிடம் சொல்லியிருக்கிறான். இப்போது இரவு, தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தக் கடிகாரத்தை வெளியே எடுக்கிறான். முதல் முயற்சியில் பலரும் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> உள். வீடு – இளங்கோவின் அறை – இரவு
>
> மேசைமேல் கைக்கடிகாரம் – க்ளோஸ்-அப். இளங்கோ அதை எடுத்துச் சாவி கொடுக்கிறான்.
>
> ரேக் ஃபோகஸ்:
>
> யாழினி – க்ளோஸ்-அப். அவள் அதிர்ச்சியில் உறைந்துபோகிறாள்.

இதில் உள்ள முதல் குறை, இரண்டு க்ளோஸ்-அப்கள். ‘க்ளோஸ்-அப்’ என்று பெயரிட்டவுடனே அது தனி ஷாட்டாகிவிடுகிறது. ஃபோகஸ் மாறும்போது கேமராவும் லென்ஸும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தெளிவாக இருக்கும் தூரம் மட்டுமே மாறுகிறது. அதாவது பின்னால் இருக்கும் முகம் தெளிவாகுமே தவிர, பெரிதாகாது. கடிகாரத்தை நெருக்கமாகக் காட்டும் அதே சட்டகத்தில் தொலைவில் நிற்கும் முகமும் க்ளோஸ்-அப் அளவுக்கு இருப்பது இயலாது. இரண்டாவது குறை, முகம் முன்கூட்டியே அங்கு இல்லாதது. மூன்றாவது குறை ‘அதிர்ச்சி’ என்ற சொல். அதைப் பிறகு பார்ப்போம்.

இவற்றைச் சரிசெய்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: கேமரா எங்கே இருக்கிறது? திரைக்கதை எழுதுபவர் கேமராவின் இடத்தைத் தாளில் எழுதத் தேவையில்லை. ஆனால் தன் மனத்திலாவது அதை நிறுத்திப் பார்க்காவிட்டால், எடுக்கவே முடியாத ஷாட்டை எழுதிவிடக்கூடும். மேலே உள்ள வடிவம் அப்படிப்பட்டதுதான். கடிகாரம் மேசையில் படுத்திருக்கிறது. அதன் முகப்பைக் காட்ட வேண்டுமென்றால் கேமரா மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கதவருகே நிற்பவரின் முகம் சட்டகத்துக்குள் வராது. கேமராவை மேசை மட்டத்துக்கு இறக்கினால் முகம் வரும், ஆனால் கடிகாரம் ஒரு தட்டையான விளிம்பாக மட்டுமே தெரியும். ஆகவே பொருள் நிமிர்ந்திருக்க வேண்டும்: கையில் தூக்கிப் பிடித்திருக்கலாம், எதன்மேலாவது சாய்த்து வைத்திருக்கலாம்.

கையில் பிடித்திருப்பதாக வைத்துக்கொண்டால் அடுத்த சிக்கல் வருகிறது. இளங்கோ கடிகாரத்தின் முகப்பைப் பார்க்கிறான். நாமும் அதே முகப்பைப் பார்க்க வேண்டுமென்றால் கேமரா அவன் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்; அப்போது கடிகாரத்துக்கு அப்பால் தெரியும் கதவு அவனுக்கும் நேரெதிரே இருக்கும். யாழினி வந்து நின்றால் நமக்கு முன்பே அவன் பார்த்துவிடுவான், காட்சியே போய்விடும். அவன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கேமரா அவனுக்கு எதிரே இருக்க வேண்டும். அப்படியானால் நமக்குத் தெரிவது கடிகாரத்தின் பின்பக்கம். இது இழப்பு போலத் தோன்றினாலும் உண்மையில் வசதி: பின்பக்க உலோகத்தில் அப்பாவின் பெயருடைய முதலெழுத்தைப் பொறித்து வைத்துவிட்டால், அவன் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்போம். கேமராவின் இடத்தை யோசித்ததால் கிடைத்த விவரம் இது; மேசையில் படுத்திருந்த கடிகாரத்திலிருந்து இது வந்திருக்காது.

இப்போது அதே தருணத்தை இப்படி எழுதலாம்:

> உள். வீடு – இளங்கோவின் அறை – இரவு
>
> மேசை விளக்கின் வெளிச்சத்தில், இளங்கோவின் விரல்களுக்கிடையே ஒரு பழைய கைக்கடிகாரம். அவன் அதன் முகப்பைப் பார்க்கிறான். நமக்குத் தெரிவது அதன் பின்பக்கம், அதில் பொறித்த ‘மா’ என்ற எழுத்து. அவன் தோளுக்கு அப்பால் திறந்த கதவு, வெறும் மங்கலான வெளிச்சமாக.
>
> பக்கத்துத் திருகை மெல்லத் திருகிச் சாவி கொடுக்கிறான். அந்த மங்கலான வெளிச்சத்துக்குள் ஓர் உருவம் வருகிறது. நின்றுவிடுகிறது.
>
> கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. டிக். டிக். டிக்.
>
> பொறித்த எழுத்து கரைகிறது. விரல்கள் கரைகின்றன. அவற்றுக்கு அப்பால், கதவருகே, தெளிவது யாழினியின் முகம். அவள் பார்ப்பது அண்ணனை அல்ல, அவன் கையில் இருப்பதை.
>
> யாழினி
> தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியேண்ணா.
>
> முன்னால், மங்கலாகவே, இளங்கோவின் விரல்கள் கடிகாரத்தின்மேல் மூடிக்கொள்கின்றன.

இதில் ‘ரேக் ஃபோகஸ்’ என்ற சொல் இல்லை. கேமராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் ஒளிப்பதிவாளர் இதைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஐயம் வராது. ஏன் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் பத்தியிலேயே கதவு வந்துவிடுகிறது, உருவம் அடுத்த பத்தியில் வருகிறது. இரண்டு முறையும் ‘மங்கலான’ என்ற சொல் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. இதனால் படிப்பவர் தன் மனத்தில் இரண்டு தளங்கள் உள்ள ஒரே சட்டகத்தை அமைத்துக்கொள்கிறார். உருவத்துக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. பெயரை அங்கேயே எழுதியிருந்தால், திரையில் பார்வையாளருக்குத் தெரியாதது தாளில் படிப்பவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். அப்படியென்றால் தயாரிப்புக் குழு எந்த நடிகர் தேவை என்பதை எப்படி அறியும் என்ற கேள்வி வரலாம். அதே காட்சியில் சில வரிகளுக்குப் பிறகு பெயர் வந்துவிடுவதால் அதில் குழப்பம் வராது. உருவம் ஒரு காட்சியிலும் அடையாளம் வேறொரு காட்சியிலும் வந்தால் மட்டுமே அதைத் தனியே குறித்துக்கொடுக்க வேண்டியிருக்கும்.

‘நின்றுவிடுகிறது’ என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கதையளவில், அவள் எதையோ கண்டுவிட்டாள் என்பதை அவள் முகம் தெரியும் முன்பே சொல்லிவிடுகிறது. படப்பிடிப்பளவில், ஃபோகஸ் புல்லருக்கு அது பெரிய உதவி. அவர் இரண்டு தூரங்களை முன்கூட்டியே அளந்து குறித்து வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர். ஃபோகஸ் சென்று சேரும் நேரத்தில் நடிகர் நடந்துகொண்டே இருந்தால், சேர வேண்டிய இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதையும் தேர்ந்தவர்கள் செய்வார்கள். ஆனால் காட்சிக்குத் தேவையில்லாத சிரமத்தை எழுத்திலேயே ஏற்படுத்துவானேன்.

அடுத்து, ஃபோகஸை நகர்த்துவது எது? கேமரா தானாகவே கவனத்தை மாற்றிக்கொள்வதுபோல இருந்தால் இயக்குநரின் கை வெளியே தெரியும். காட்சிக்குள்ளேயே ஒரு தூண்டுதல் இருந்தால் பார்வையாளரின் கவனம் நகர்வதும் ஃபோகஸ் நகர்வதும் ஒன்றாகிவிடும். இங்கே தூண்டுதல் கடிகாரத்தின் ஓசை. அந்த ஓசை அறை முழுவதும் பரவுகிறது, கதவருகே நிற்பவளையும் சென்று சேர்கிறது, ஃபோகஸும் அதனோடு சேர்ந்து போகிறது. பின்னாலிருந்து வரும் ஒரு சொல், ஓர் அசைவு, முன்னால் இருக்கும் பொருள் செயலிழந்து போவது ஆகியவையும் தூண்டுதலாகலாம். எதுவாயினும், அந்த வரி ஃபோகஸ் மாறும் வரிக்கு உடனடியாக முன்னால் இருக்க வேண்டும்; நடுவில் வேறொரு விவரணை புகுந்தால் தொடர்பு அறுந்துவிடும்.

ஓசைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஃபோகஸ் மெதுவாக நகரும்போது, கடிகாரமும் தெளிவில்லாமல் முகமும் தெளிவில்லாமல் இருக்கும் ஓர் இடைவெளி வரும். திரையில் அந்தக் கணம் பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. மெதுவான மாற்றத்தை எழுதும்போது அந்த வெறுமையைத் தாங்கிப் பிடிக்க ஏதேனும் ஒன்று வேண்டும், அது பெரும்பாலும் ஒலியாகத்தான் இருக்க முடியும். சட்டென்று மாறும் ஃபோகஸுக்கு இந்தத் தேவை இல்லை. வேகத்தை நொடிக்கணக்கில் எழுத வேண்டாம். அதை வாக்கியங்களே சொல்லும். ‘பொறித்த எழுத்து கரைகிறது. விரல்கள் கரைகின்றன.’ என்று இரண்டாகப் பிரித்தால் படிப்பவரின் கண்ணும் மெதுவாகப் போகும். ‘கடிகாரம் மங்க, சட்டென்று யாழினியின் முகம்’ என்று ஒரே மூச்சில் எழுதினால் வேகம் தானே வந்துவிடும்.

சொற்களின் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். ‘யாழினியின் முகம் கதவருகே தெளிவாகிறது’ என்று எழுதினால், தெளிவு வருவதற்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது. படிப்பவருக்கு முதலில் யாழினி கிடைக்கிறாள், பிறகுதான் இடமும் தெளிவும் கிடைக்கின்றன. திரையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. தமிழில் சொற்களை இடம் மாற்றி வைக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ‘அவற்றுக்கு அப்பால், கதவருகே, தெளிவது யாழினியின் முகம்’ என்னும்போது கண் முதலில் ஆழத்துக்குப் போகிறது, பிறகு இடத்தைச் சேர்கிறது, கடைசியில் முகத்தைக் காண்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாக அமைத்துவிட்டால் ஃபோகஸ் மாற்றத்தின் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

முகம் தெளிந்த பிறகு என்ன எழுதுவது? ‘அதிர்ச்சியில் உறைகிறாள்’ என்று எழுதக்கூடாததற்கு இங்கே ஒரு நடைமுறைக் காரணமே இருக்கிறது. கடிகாரம் கேமராவிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது, யாழினி 3 மீட்டர் தொலைவில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டகச் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், அவளுடைய முகம் திரையின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சாதாரண அளவுள்ள கைக்கடிகாரமும் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கும். அந்த அளவில் ஒரு முகத்தின் பார்வை எங்கே இருக்கிறது என்பது தெரியும், தலை குனிவது தெரியும், உதடு அசைவது தெரியும். கண்ணோரத்தில் திரளும் நீரோ, தாடையில் இறுகும் ஒரு தசையோ தெரிவது கடினம். ஆகவே அந்தத் தொலைவில் படிக்கக்கூடிய ஒன்றை எழுத வேண்டும். இங்கே அது அவள் பார்வையின் திசை. அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று எழுதுவதால், முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு தளங்களும் ஒரு கோட்டில் இணைகின்றன. ஃபோகஸ் வந்த அதே வழியில் அவள் பார்வை திரும்பிப் போகிறது. கண்ணீர்தான் காட்சியின் மையம் என்றால், இந்த ஷாட்டுக்குப் பிறகு ஒரு கட் தேவை. அதைத் தயங்காமல் எழுதலாம்.

பொறித்த எழுத்துக்கும் இதே அளவுப் பிரச்சினை உண்டு. கடிகாரமே திரை உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்றால், அதன்மேல் பொறித்த ஒரு முழுப்பெயர் சிறு திரையில் வாசிக்கவே முடியாததாகிவிடும். அதனால்தான் ஒரே எழுத்து. அதையும் முந்தைய காட்சி ஒன்றில், அப்பாவின் மணிக்கட்டிலிருந்து கடிகாரம் கழற்றப்படும்போது, நெருக்கமாக ஒருமுறை காட்டிவிட வேண்டும். பார்வையாளர் இங்கே புதிதாக வாசிக்கத் தேவையில்லாமல், கண்டவுடன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஃபோகஸ் நகர்வதற்கு முன் ஒரு பொருளின் அர்த்தம் முழுவதும் புரிந்திருக்க வேண்டும்; புரிந்துகொண்டிருக்கும்போதே அது மங்கிவிட்டால், முகம் வரும் நேரத்தில் பார்வையாளர் இன்னும் அந்த எழுத்திலேயே இருப்பார்.

இனி, இந்த ஷாட் ஒளியியல்படி நிற்குமா என்று பார்ப்போம். எழுதுபவர் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார், ஃபோகஸ் மாற்றத்தின் வெற்றி பெருமளவு அதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன தூரங்களில், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப்/2 அளவுக்குத் திறந்து வைத்துக் கடிகாரத்தில் ஃபோகஸ் செய்தால், 3 மீட்டர் தொலைவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஏறத்தாழ 1.8 மி.மீ. வட்டமாகப் பரவும். அந்தத் தூரத்தில் முகத்தின் அகலம் சென்சாரில் 2.5 மி.மீ. அளவுதான். அதாவது ஒவ்வொரு புள்ளியும் முகத்தின் அகலத்தில் முக்கால் பங்கு அளவுக்குப் பரவிக் கிடக்கிறது. கண், மூக்கு, வாய் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, ஓர் உருவம் என்பது மட்டுமே மிஞ்சும். நமக்கு வேண்டியது இதுதான்.

அதே இடத்தில் அப்பர்ச்சரை எஃப்/8 வரை மூடினால் பரவல் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். முகம் மங்கலாகவே இருக்கும், ஆனால் யாரென்று ஊகித்துவிட முடியும். இருண்ட அறையும் ஒற்றை விளக்கும் திறந்த அப்பர்ச்சருக்கு இயல்பாகவே இடம் கொடுக்கின்றன. நல்ல வெயிலில் நடக்கும் காட்சியென்றால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டுத்தான் அந்த அளவுக்குத் திறக்க முடியும். முடியாததன்று, ஆனால் அதற்கான ஏற்பாடு வேண்டும்.

இதைவிட முக்கியமானது இரண்டு தூரங்களுக்கும் உள்ள வேறுபாடு. இதே காட்சியை ஒரு லிஃப்டுக்குள் வைத்தோம் என்று கொள்ளுங்கள். கடிகாரம் 60 செ.மீ., யாழினியின் முகம் 90 செ.மீ. அதே லென்ஸ், அதே எஃப்/2. இப்போது ஒரு புள்ளியின் பரவல் முகத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. முகமும் திரையில் பெரிதாக இருக்கும். யாழினி முதல் நொடியிலேயே தெரிந்துவிடுவாள். ‘மங்கலான ஓர் உருவம்’ என்று தாளில் எழுதியது திரையில் நடக்காது. ஆகவே அடையாளத்தை மறைத்து வைத்துப் பிறகு வெளிப்படுத்தும் ஃபோகஸ் மாற்றத்தை எழுதும்போது, பொருள் கைக்கெட்டும் தூரத்திலும் முகம் அதைப்போலப் பல மடங்கு தூரத்திலும் இருக்கக்கூடிய இடத்தைக் காட்சித் தலைப்பிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். நீண்ட கூடம், அறைக்கு அப்பால் ஒரு வாசல், கண்ணாடிக்கு வெளியே ஒரு நடைபாதை ஆகியவை உதவும். குறுகிய இடங்கள் உதவா. முகம் யாருடையது என்பது முன்பே தெரிந்திருந்து, கவனத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் லிஃப்டும் போதும். அப்போது ‘உருவம்’ என்று எழுதாமல் முதலிலேயே பெயரை எழுதிவிடலாம்.

கரைந்த உருவத்திலும் இரண்டு விஷயங்கள் கரையாமல் மிஞ்சும்: நிறமும் அசைவும். யாழினி முந்தைய காட்சியில் பளிச்சென்ற மஞ்சள் உடையில் இருந்து, இங்கும் அதே உடையில் வந்தால், ஃபோகஸ் நகரும் முன்பே பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். மறுபுறம், அசைவு மிஞ்சுவது நமக்குச் சாதகம். அதனால்தான் கடைசி வரியில் விரல்கள் கடிகாரத்தை மூடுவதை மங்கலாகவே விட்டிருக்கிறேன். முகத்தில் ஃபோகஸ் இருக்கும்போது கடிகாரம் ஒரு வட்டத் திட்டாகத்தான் தெரியும். ஆனால் ஒரு கை அதை மூடுவது, ஒளிரும் திட்டு அணைந்துபோவதாக, தெளிவாகவே தெரியும்.

இன்னும் ஒரு சிறு விஷயம்: கடிகாரமும் முகமும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரிவதால், இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கடிகாரம் முகத்தை முழுவதுமாக மறைத்துவிடும். அதனால்தான் ‘தோளுக்கு அப்பால்’ என்ற சொல். ‘கடிகாரத்துக்கு நேர் பின்னால்’ என்று எழுதியிருந்தால் படப்பிடிப்பில் யாராவது அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

வசனம் பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. முகம் தெளிவதற்கு முன்பே அவள் பேசுவதாக இருந்தால், பெயருக்குப் பக்கத்தில் ‘ஆஃப் ஸ்கிரீன்’ என்று குறிப்பது தவறு. அந்தக் குறிப்பு, பேசுபவர் அந்த இடத்தில் இருந்தும் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார் என்று பொருள்படும். மங்கலாக இருப்பவர் சட்டகத்துக்குள்தான் இருக்கிறார். அந்தக் குறிப்பைப் படிக்கும் ஒளிப்பதிவாளர் பின்னணியில் ஆளே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஷாட் மறுபடியும் இரண்டாகிவிடும். பேசுபவரின் பெயரை மறைக்க வேண்டுமானால் ‘உருவம்’ என்றே எழுதி, அடுத்த வரியில் முகம் தெளிந்த பிறகு ‘யாழினி’ என்று மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் வசனத்தை முகம் தெளிந்த பிறகு வைப்பதே நல்லது. குரல் முதலில் வந்துவிட்டால், முகம் சொல்ல வேண்டியதைக் குரலே சொல்லிவிடுகிறது. பிறகு ஃபோகஸ் வெறும் உறுதிப்படுத்தலாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தயாரிப்பாளரோ இயக்குநரோ முதன்முறையாகப் படிக்கப்போகும் பிரதியில் கேமராச் சொற்கள் குறைவாக இருப்பதே நல்லது. மேலே எழுதிய வடிவம் அதற்குப் போதும். இயக்குநர் தானே எழுதுகிறார் என்றாலோ, படப்பிடிப்புக்கான பிரதி என்றாலோ, சொல்லை எழுதிவிடுவது குழுவுக்கு வசதி. ஆங்கிலப் பிரதிகளில் அதைப் பெரிய எழுத்தில் தட்டெழுதி வேறுபடுத்துவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், அதற்குத் தனி வரி கொடுக்க வேண்டும்:

> கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. டிக். டிக். டிக்.
>
> அதே ஷாட்டில், ஃபோகஸ் மெல்ல மாறுகிறது –
>
> பொறித்த எழுத்து கரைகிறது. விரல்கள் கரைகின்றன. அவற்றுக்கு அப்பால், கதவருகே, தெளிவது யாழினியின் முகம்.

‘அதே ஷாட்டில்’ என்ற இரண்டு சொற்களை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். திரைக்கதையில் ஒவ்வொரு புதிய பத்தியும் புதிய ஷாட் என்று பலரும் பழக்கத்தால் படிக்கிறார்கள். பத்தியைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கட்டமாக எழுதினால் வேகம் போய்விடும். பிரித்தால் கட் என்று தோன்றும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இந்த இரண்டு சொற்கள். மற்றொன்று, புதிய பத்தியை முகத்தில் தொடங்காமல், பழைய பொருள் மங்குவதில் தொடங்குவது. கரைகிற எழுத்திலிருந்து பத்தி தொடங்குவதால், நாம் இன்னும் அதே சட்டகத்தில்தான் இருக்கிறோம் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் பிரதியில் இரண்டாவது வழி மட்டும் போதும்.

முகத்திலிருந்து ஃபோகஸ் மறுபடியும் கடிகாரத்துக்குத் திரும்புவதாக எழுதலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். கடிகாரம் இதற்கிடையில் மாறியிருந்தால் எழுதலாம். அவள் பேசியவுடன் அது நின்றுபோனதாகவோ, அவன் அதை நழுவவிட்டதாகவோ இருந்தால், திரும்பிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அதே கடிகாரம் அதே நிலையில் இருக்கும்போது திரும்பினால், பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததை இரண்டாம் முறை காட்டுகிறோம். அதோடு முகத்தை அதற்குரிய நேரம் முடிவதற்குள் பறித்துக்கொள்கிறோம். மேலே உள்ள வடிவத்தில் விரல்கள் மூடுவது மங்கலாகவே தெரிந்துவிடுவதால், திரும்பும் தேவை எழவில்லை. ஷாட் யாழினியின் முகத்திலேயே நின்று, இளங்கோ திரும்பும்போது கட் ஆகலாம்.